விடைத் தெரிவுகளைத் தொலைத்த கேள்வி

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு கேள்வி வந்து விழும்: “பின்வரும் மாநிலங்களில் நீளமான கடற்கரை உடையது எது? பதில் ப்ளீஸ்.” அவ்வளவுதான். கீழே இருந்திருக்க வேண்டிய நான்கு மாநிலங்களின் பெயர்களைக் காணோம். ஆனாலும் அடுத்த நிமிடமே யாராவது “குஜராத்” என்று பதில் போட்டுவிடுகிறார்கள். நாலைந்து பேர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். கேட்டவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்.

இந்தியாவிலேயே நீளமான கடற்கரை உள்ள மாநிலம் குஜராத்தான், அதில் பிழையில்லை. ஆனால் கேள்வி கேட்டது அதையல்ல. “பின்வரும் மாநிலங்களில்” என்றுதான் அது தொடங்குகிறது. அந்த நான்கு பெயர்களும் கேரளம், ஒடிசா, ஆந்திரம், தமிழ்நாடு என்று இருந்திருந்தால்? குஜராத் பட்டியலிலேயே இல்லை. இப்போது போட்டி ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில்.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பல ஆண்டுகளாகப் பாடநூல்களில் இருந்த கணக்குப்படி ஆந்திரக் கடற்கரை சுமார் 974 கி.மீ., தமிழ்நாட்டுக் கடற்கரை சுமார் 907 கி.மீ. அந்தக் கணக்கில் விடை ஆந்திரம். பின்னர் மத்திய அரசு கடற்கரையை மறுபடி அளந்தது. முன்பு பயன்படுத்தியதைவிட விரிவான வரைபடங்களை வைத்து, கழிமுகங்கள், குடாக்கள், சிற்றோடை வளைவுகள் எல்லாவற்றையும் சேர்த்து அளந்ததில் நாட்டின் மொத்தக் கடற்கரை 7,516 கி.மீ.யிலிருந்து 11,098 கி.மீ. ஆகக் கூடியது. புதிய கணக்கில் தமிழ்நாடு 1,068 கி.மீ., ஆந்திரம் 1,053 கி.மீ. வரிசை தலைகீழாகிவிட்டது. ஆக, அதே நான்கு தெரிவுகளைக் கொண்ட கேள்விக்குப் பழைய தாளில் ஒரு விடை, இன்றைய தாளில் வேறு விடை. தெரிவுகளும் தெரியாமல் தேர்வு நடந்த ஆண்டும் தெரியாமல் சொல்லும் பதில் எதைச் சார்ந்து நிற்கும்?

தேர்வறையில் ஊகிப்பது வேறு. டி.என்.பி.எஸ்.சி. கொள்குறித் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் நான்கில் இரண்டை நீக்கிவிட்டு மீதியில் ஒன்றைத் தேர்வது நியாயமான உத்தி. அங்கே ஊகத்துக்கு ஒரு வேலி இருக்கிறது, நான்கு பெயர்கள் கண்முன்னே இருக்கின்றன. தவறினாலும் போவது ஒரு கேள்வியின் மதிப்பெண்தான். அதே ஓ.எம்.ஆர். தாளில் “விடை தெரியவில்லை” என்று நிரப்ப ஐந்தாவதாக ஒரு வட்டமும் உண்டு. குழுவில் அப்படி ஒரு வட்டம் இல்லை. ஊகமாகச் சொன்னது அங்கே முடிந்த விடையாகிப் பத்துப் பேரின் குறிப்பேட்டுக்குப் போகிறது. “நீளமான கடற்கரை என்றால் குஜராத்” என்று மனப்பாடம் செய்தவர், நாளை உண்மையான தாளில் குஜராத் இல்லாத பட்டியலைப் பார்த்ததும் கேள்வியே தவறு என்று தடுமாறுகிறார்.

தெரிவுகள் எப்படித்தான் காணாமல் போகின்றன? பெரும்பாலும் யாருடைய அலட்சியமும் காரணமல்ல. வினாத்தாள் பி.டி.எஃப்.பில் தெரிவுகள் இரண்டு பத்திகளாக இருக்கும். விரலால் தேர்வு செய்து நகலெடுக்கும்போது கேள்வி வரியோடு தேர்வு நின்றுவிடும். இணையத்தில் எழுதும் மாதிரித் தேர்வுகளில் தெரிவுகள் பொத்தான்களாகவோ படமாகவோ இருந்தால் அவை நகலில் ஏறுவதே இல்லை. கேள்வி மட்டும் முழுசாகத் தெரிவதால், அனுப்புகிறவருக்கும் குறை கண்ணில் படுவதில்லை.

எல்லாக் கேள்விக்கும் தெரிவுகள் தேவை என்றும் சொல்லிவிட முடியாது. “குஜராத்தின் தலைநகர் எது?” என்றால் காந்திநகர் என்று தயங்காமல் சொல்லலாம். “பின்வருவனவற்றுள்”, “தவறாகப் பொருந்தியது”, “மேற்கண்ட கூற்றுகளில்” என்ற சொற்கள் வந்தால்தான் நிற்க வேண்டும். கேள்வியின் பாதி கீழே இருந்தது, அது வரவில்லை என்பதற்கு அவையே அடையாளம். தவறாகப் பொருந்திய இணையைக் கேட்கும் கேள்வியில் இணைகளே இல்லையென்றால், ஊகிப்பதற்குக்கூட எதுவும் கிடையாது.

பதில் சொல்லத் துடிப்பவர்கள் அப்போதும் உதவலாம். ஒரு பெயரை மட்டும் வீசாமல், “புதிய அளவீட்டில் குஜராத் முதலிடம், தமிழ்நாடு இரண்டாமிடம், ஆந்திரம் மூன்றாமிடம்; பழைய கணக்கில் ஆந்திரம் இரண்டாமிடம்” என்று வரிசையைக் கொடுங்கள். தெரிவுகள் எதுவாக இருந்தாலும் கேட்டவரே பொருத்திப் பார்த்துக்கொள்வார். கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நகலெடுத்து ஒட்டாதீர்கள். கேள்வியும் எல்லாத் தெரிவுகளும் தெரியும்படி பக்கத்தைப் படமெடுத்து, எந்தத் தேர்வு, எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.