ஆறு முகூர்த்த பிளவுஸ், ஒரு பில்

கல்யாண வீட்டிலிருந்து ஆறு பட்டு பிளவுஸ் வருகிறது. இரண்டில் பேட் வைக்க வேண்டும். தையல் கூலியை எப்படிப் போடுவது? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்; கூலி ஊருக்கு ஊர் மாறும்.

லைனிங் பிளவுஸுக்குக் கூலி 600 என்றால் ஆறுக்கு 3,600. லைனிங் துணி பிளவுஸுக்கு ஒரு மீட்டர், மீட்டர் 80 வீதம் 480. பேட் வைக்கும் இரண்டுக்கும் தலா 250 கூடுதலாக 500. மொத்தம் 4,580 ரூபாய். ஆரி வேலைக்கு இது கணக்கே அல்ல.

“எல்லாம் ஒரே அளவுதானே, குறைச்சுக்கோங்க அக்கா” என்பார்கள். அளவெடுப்பதிலும் வெட்டுவதிலும்தான் நேரம் மிச்சமாகும். லைனிங்கைப் பட்டோடு சேர்த்துத் தைப்பதும், கொக்கியைக் கையால் கட்டுவதும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை. கொக்கியை வெளியே கொடுத்தால் அந்தக் கூலியும் 600-க்குள்தான் அடங்க வேண்டும்.

லைனிங் துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவைக்காவிட்டால், பிறகு ஈரம் படும்போது அது சுருங்கும். மேலே பட்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

பேட் விஷயத்தில் கப்பின் விலை சின்னது. தோளிலிருந்து மார்பு முனைவரை அளந்து, கப் அங்கேயே உட்காரும்படி வெட்டு மாற்ற வேண்டும். அரை அங்குலம் தவறினாலும் முன்பக்கம் மடிப்பு விழும், பிரித்துத்தான் தைக்கணும். அதனால் பேட் வைத்த ஒன்றை முதலில் தைத்து, பெண்ணுக்குப் போட்டுப் பார்த்த பிறகே அடுத்ததை வெட்டுவது நல்லது.