ஒரே அணுக்கள், இரண்டு எரிபொருள்கள்

டைமெத்தில் ஈதர், எத்தனால் இரண்டுக்கும் வேதி வாய்பாடு ஒன்றுதான்: C2H6O. அணுக்கள் கோத்திருக்கும் விதம் மட்டுமே வேறு. அந்த வேறுபாட்டால் முன்னது மைனஸ் 25 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிறது. பின்னது 78 டிகிரி வரை திரவமாகவே இருக்கிறது. சமையலறையில் இவற்றின் வழி பிரிவதும் இங்கேதான்.

எடையில் சுமார் 35 விழுக்காடு ஆக்சிஜன் என்பது இரண்டுக்கும் பொது. அதனால் புகையும் கரியும் மிகக் குறைவு. ஆனால் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட பொருளில் எரிவதற்கு மிச்சம் குறைவு. ஒரு கிலோ எல்பிஜி ஏறக்குறைய 46 மெகாஜூல் வெப்பம் தரும்போது, டைமெத்தில் ஈதர் 29, எத்தனால் 27 மட்டுமே தருகின்றன.

டைமெத்தில் ஈதர் லேசான அழுத்தத்திலேயே திரவமாகிவிடுவதால் எல்பிஜி சிலிண்டரிலேயே கலந்து அடைக்கலாம். 14.2 கிலோ சிலிண்டரில் எடையில் 20 விழுக்காடு கலந்தால் மொத்த வெப்பம் 653 மெகாஜூலிலிருந்து 605 ஆகக் குறையும். நாற்பது நாள் வந்த சிலிண்டர் 37 நாள்தான் வரும். எடை மாறாததால் வாங்குபவருக்கு இது தெரியாது. விலையில் கழித்தால்தான் நியாயம். இந்த அளவுவரை பழைய அடுப்பே பொதுவாகப் போதும். அதற்கு மேல் கலப்பு கூடக் கூட, எல்பிஜிக்கென்று அமைத்த பர்னர் தேவைக்கு மேல் காற்றை இழுக்கும். தீ சிறுத்து, பர்னர் துளைகளை விட்டு எழும்பும். ஜெட்டையும் காற்றுத் துளையையும் மாற்றியாக வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை ரப்பர். டைமெத்தில் ஈதர் நல்ல கரைப்பான். வால்வு, ரெகுலேட்டரில் உள்ள சாதாரண ரப்பர் வாஷர்களை ஊதவைத்துக் கெடுக்கும். கசிவு அங்கேதான் தொடங்கும். காற்றைவிடக் கனமான இந்த வாயு, எல்பிஜியைப் போலவே தரையோரம் தேங்கும்.

எத்தனாலுக்கு அழுத்தச் சிலிண்டரே வேண்டாம். ஆனால் 653 மெகாஜூலுக்கு ஏறக்குறைய 31 லிட்டர் தேவை. தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் கூடும். ஆபத்து அதன் ஆவியில் இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் திரவத்துக்கு மேலே நிற்கும் காற்றில் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்க முடியாத அளவுக்கு அடர்த்தியாகிவிடும். மண்ணெண்ணெய் ஆவி போதாமல் நிற்கும். எத்தனால் ஆவியோ சுமார் 13 முதல் 40 டிகிரி வரை, அதாவது நம் அறைகளின் வெப்பநிலையில், சரியாகத் தீப்பிடிக்கும் அளவில் இருக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் வெளிர்நீலச் சுடர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுப்பு அணைந்துவிட்டதென்று எண்ணி ஊற்றும்போது தீ கேனுக்குள் பாய்வது இப்படித்தான்.

எத்தியோப்பியாவில் அகதிகள் முகாம்களுக்குத் தரப்பட்ட கிளீன்குக் அடுப்பு இதற்கு ஒரு விடை. அதன் டப்பாவில் எரிபொருளை நார்ப்பஞ்சு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், கவிழ்த்தாலும் கொட்டாது. ஆனாலும் டப்பாவை ஆறவிட்டு, அடுப்பிலிருந்து எடுத்து, தீக்கு எட்டாத இடத்தில்தான் நிரப்ப வேண்டும்.