மெரினாவில் நின்றாலும் 80 மீட்டர் ஆழத்தில் இருக்கிறீர்களா?

சென்னையில் மனை வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் பட்டாவோடு சேர்த்து இன்னொன்றையும் பார்க்கிறார்கள். 'இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்? வெள்ளம் வந்தால் தாங்குமா?' கையில்தான் போன் இருக்கிறதே என்று ஜி.பி.எஸ். செயலியைத் திறந்தால், சில போன்களில் 'மைனஸ் 80 மீட்டர்' என்று வந்து நிற்கும். கடலுக்கு அடியிலா வீடு கட்டப் போகிறோம் என்று பதறத் தேவையில்லை. போன் பழுதாகவும் இல்லை. அது எங்கிருந்து அளக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கிருந்து அளக்கிறது?

ஜி.பி.எஸ்ஸுக்குக் கடல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சிக்னலின் நேரத்தை வைத்து, பூமியின் மையத்தைப் பொறுத்து நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் அது கணக்கிடும். அதை உயரமாகச் சொல்ல ஒரு தரை வேண்டும் இல்லையா? அதற்காகக் கணிதத்தில் வரைந்த ஒரு வழவழப்பான பூமியை வைத்திருக்கிறார்கள். துருவங்களில் லேசாக அமுங்கிய இந்த உருண்டைக்கு நீள்வட்டக் கோளம் என்று பெயர். அதன் மேற்பரப்பிலிருந்துதான் ஜி.பி.எஸ். உயரத்தை அளக்கிறது.

நிஜக் கடல் இப்படி வழவழப்பாக இல்லை. பூமிக்குள் எடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்கவில்லை. எடை அதிகமுள்ள பக்கம் தண்ணீர் சற்றுக் கூடுதலாக இழுக்கப்பட்டு மேடாக நிற்கும்; குறைவான பக்கம் தாழ்ந்து போகும். காற்றும் அலையும் இல்லாமல் கடல் அமைதியாக நின்றால் கிடைக்கும் இந்த மேடுபள்ளப் பரப்பை நிலத்துக்கு அடியிலும் நீட்டிப் பாருங்கள். அதுதான் ஜியாய்டு. நாம் பேச்சுவழக்கில் 'கடல் மட்டம்' என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

உலகின் பெரிய பள்ளம் நம் பக்கத்தில்

உலகிலேயே ஜியாய்டு மிகவும் தாழ்ந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே கடல் மட்டம் நீள்வட்டக் கோளத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. ஆனால் அந்த வழியாகப் போகும் கப்பல் சறுக்குவதில்லை. மாலுமிக்கும் எதுவும் தெரியாது. ஈர்ப்பு விசையின் கணக்கில் அந்தப் பரப்பு முழுக்கச் சமமட்டம்தான். இந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து கிளம்பிய சூடான, எடை குறைந்த பாறைப் பொருள் இந்தப் பகுதிக்குக் கீழே வந்து சேர்ந்ததே முக்கியக் காரணம் என்கிறது அது.

அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு இருக்கிறது. சென்னையில் கடல் மட்டம் நீள்வட்டக் கோளத்துக்குக் கீழே ஏறத்தாழ 86 மீட்டர். தெற்கே கன்னியாகுமரியை நெருங்க நெருங்க இந்த இடைவெளி 90 மீட்டரைத் தாண்டிவிடும்.

திருத்தும் கணக்கு

போன் காட்டும் உயரத்திலிருந்து அந்த ஊரின் ஜியாய்டு அளவைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

H = h − N

h என்பது ஜி.பி.எஸ். உயரம், N ஜியாய்டு அளவு, H கடல் மட்டத்திலிருந்து உயரம். நம் மனையில் h = −80, N = −86 என்று வைத்துக்கொள்வோம். −80 − (−86) = 6. ஆக, மனை கடல் மட்டத்துக்கு மேலே 6 மீட்டரில் இருக்கிறது.

இதில் இரண்டு இடங்களில் சறுக்கலாம். கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் −166 வரும். ஏற்கெனவே திருத்திக் காட்டும் கருவியில் இன்னொரு முறை திருத்தினால் 6 என்பது 92 ஆகிவிடும். ஆண்ட்ராய்டு போன் செயலிகளுக்குக் கொடுக்கும் அடிப்படை உயரம் நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்தது. ஐபோனின் வழக்கமான உயரமோ கடல் மட்டத்திலிருந்து. சில ஆண்ட்ராய்டு செயலிகள் தாமாகவே திருத்தியும் காட்டும். உங்கள் செயலி எந்த ரகம் என்று அறிய ஒருமுறை கடற்கரைக்குப் போய்த் திறந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிய எண் வந்தால் திருத்தியாகிவிட்டது. மைனஸ் 80-ஐ ஒட்டி வந்தால் இன்னும் இல்லை.

6 மீட்டரை நம்பலாமா?

ஜியாய்டு திருத்தம் 86 மீட்டர் குழப்பத்தைத் தீர்க்கும். போனின் சொந்தப் பிழையைத் தீர்க்காது. செயற்கைக்கோள் சிக்னல்கள் நம் தலைக்கு மேலேயிருந்து மட்டும்தான் வருகின்றன, காலுக்குக் கீழேயிருந்து வருவதில்லை. அதனால் பக்கவாட்டைவிட உயரத்தில் பிழை அதிகம். கட்டடங்களுக்கு நடுவே 10 மீட்டர்கூடத் தவறலாம். அப்படியென்றால் அந்த 6 மீட்டர், கடலுக்குக் கீழேயும் இருக்கலாம், 16 மீட்டராகவும் இருக்கலாம்.

ஒரு மீட்டர் வித்தியாசத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பது முடிவாகிவிடும். எனவே மனையின் உயரத்தை, உயரம் குறிக்கப்பட்ட அரசு அளவைக் கல்லிலிருந்து மட்டம் பிடித்து வரும் சர்வேயரிடம் கேட்பதே சரி. அவர் எண்ணைச் சொன்னதும், 'இது கடல் மட்டத்திலிருந்துதானே?' என்று ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.