கார்டிகன் முன்பக்கம் சுருங்காமல் பொத்தான் பட்டை பின்னுவது எப்படி?

கேமரன் மலைத் தோட்டத்துக் குடியிருப்புகளில் கார்டிகன் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. இரவுக் குளிருக்கு அது வேண்டும். கீழே பட்டணத்தில், ஏர்கோன் அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் நாற்காலியின் முதுகில் ஒன்று தொங்கிக்கொண்டே இருக்கும்.

கையால் பின்னுபவர்கள் முதுகு, இரண்டு முன்பக்கம், இரண்டு கை என்று எல்லாவற்றையும் அழகாக முடித்துவிட்டு, கடைசியில் பொத்தான் பட்டையில் வந்து சிக்கிக்கொள்வது வழக்கம். பட்டை அலை அலையாக நெளியும். அல்லது இறுகி, முன்பக்கத்தை மேலே தூக்கிவிடும். பல வாரம் செலவழித்துப் பின்னியது அலமாரியிலேயே கிடந்துவிடுகிறது. இந்த இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான்: முன் ஓரத்திலிருந்து எடுக்கும் கண்ணிகளின் எண்ணிக்கை.

பின்னலில் ஒரு கண்ணி சதுரமானது அல்ல. உயரத்தைவிட அகலம் அதிகம். 4 மில்லிமீட்டர் ஊசியில் நடுத்தரக் கனமுள்ள நூலால் பின்னிய ஒரு கார்டிகனை உதாரணமாக எடுத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 20 கண்ணிகளும், அதே 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 28 வரிசைகளும் வரலாம். பட்டைக்காக ஓரத்தில் வரிசைக்கு ஒரு கண்ணி வீதம் எடுத்தால், 20 கண்ணி உட்கார வேண்டிய இடத்தில் 28 கண்ணி நெருக்கும். பட்டை நெளியாமல் என்ன செய்யும்? அதனால்தான் நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்று எடுக்கிறார்கள். மூன்று வரிசையில் ஒவ்வொன்று எடுத்து, நான்காவது வரிசையை விட்டுவிட வேண்டும். கணக்குப்படி இது 20ஐவிட ஒன்று கூடுதலாக, 21 கண்ணி கொடுக்கும். பட்டைக்குச் சற்றுச் சிறிய ஊசி, 3.25 மில்லிமீட்டர் அளவில், பயன்படுத்துவதால் அந்த ஒரு கண்ணி சரியாக அடங்கிவிடும்.

அந்த உதாரணக் கார்டிகனின் முன் ஓரம் அடியிலிருந்து கழுத்து வரை 50 சென்டிமீட்டர், அதாவது 140 வரிசை என்று வைத்துக்கொண்டால், எடுக்க வேண்டியது 105 கண்ணி. ஓரம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்தால் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் கலக்கலாகவும் வந்துவிடும். முதலில் கார்டிகனை மேசைமேல் இழுக்காமல் பரப்பி, ஓரத்தை ஐந்து சம பாகமாகப் பிரித்து ஊக்கு குத்திக்கொள்வது நல்லது. ஒரு பாகத்துக்கு 28 வரிசை, 21 கண்ணி. ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஊசியை விட்டு எடுத்தால் கோடு நேராக நிற்கும். விளிம்பு நூலையே பிடித்து எடுத்தால் ஓட்டைகள் தெரியும். 105 கண்ணிக்கு நேர் ஊசி போதாது என்றால் வட்ட ஊசியில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னுமாகப் பின்னலாம்.

காஜா இல்லாத பக்கத்தை முதலில் முடிப்பதே புத்திசாலித்தனம். பெண்கள் உடுப்பில் பொத்தான் இடப்பக்கம், காஜா வலப்பக்கம். ஆண்களுக்கு மாறி வரும். ஒரு நிட், ஒரு பெர்ல் என்ற ரிப் பின்னலில் ஏழு வரிசை பின்னி, எட்டாவதில் கண்ணிகளை மூடிவிட்டால் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் பட்டை கிடைக்கும். வெளிப்பக்கம் பார்க்கும்போது முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் நிட்டாக இருக்க வேண்டும். 105 ஒற்றைப்படை எண் என்பதால் அது தானாக அமைந்துவிடும். மூன்று வரிசை முடிந்ததும் ஒருமுறை மேசைமேல் பரப்பிப் பார்க்க வேண்டும். பட்டை நெளிந்தால் கண்ணி கூடுதல். கார்டிகனின் அடி ஓரம் முன்னால் தூக்கினால் குறைவு. அப்போதே பிரித்தால் இழப்பு அரை மணி நேரம்தான். கடைசியில் கண்ணி மூடும்போது கை இறுகினாலும் இதே தூக்கல் வரும் என்பதையும் மறக்கக்கூடாது.

இப்போது காஜா. ஓரத்திலிருந்து எடுத்துப் பின்னிய பட்டையில் வரிசைகள் அடியிலிருந்து கழுத்துக்கு ஓடுகின்றன. ஆகவே ஒரு வரிசைக்குள் செய்யும் காஜா, உடுத்தும்போது நெட்டாக நிற்கும். பட்டையின் நடு வரிசையான நான்காவதில் அதைச் செய்தால் எல்லாப் பொத்தான்களும் ஒரே கோட்டில் வரும். ஆறு பொத்தான், ஒவ்வொரு காஜாவுக்கும் மூன்று கண்ணி என்றால் கணக்கு இப்படி: தொடக்கத்தில் 6 கண்ணி, முடிவில் 6 கண்ணி, காஜாக்களுக்கு 18, மீதி 75. அதை ஐந்து இடைவெளிக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 15. காஜாவும் இடைவெளியும் சேர்ந்து 18, இரட்டைப்படை. அதனால் ஆறு காஜாவும் ரிப்பில் ஒரே மாதிரி நிட் கண்ணியில் தொடங்கும். இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காதவர்களின் பட்டையில் ஒரு காஜா மேட்டிலும் அடுத்தது பள்ளத்திலும் இருப்பதைப் பார்க்கலாம்.

செய்முறை ஒரே வரிசையில் முடிந்துவிடும். காஜா வரும் இடத்தில் நூலை முன்னால் கொண்டுவந்து, ஒரு கண்ணியைப் பின்னாமல் வல ஊசிக்கு மாற்றி, நூலைப் பின்னால் தள்ளிவிட வேண்டும். இனி நூலைத் தொடாமல், அடுத்த கண்ணியையும் மாற்றி, முன்னதை அதன்மேல் தாண்டிவிட வேண்டும். இதை மூன்று முறை செய்தால் மூன்று கண்ணி மூடிவிடும். மிஞ்சிய கண்ணியை இட ஊசிக்குத் திருப்பி வைத்து, பின்னலைத் திருப்பி, இட ஊசியின் முதல் இரண்டு கண்ணிக்கு நடுவே ஊசியை விட்டு நூலை இழுத்து நான்கு புதுக் கண்ணி ஏற்ற வேண்டும். மூடியது மூன்று, ஏற்றுவது நான்கு. மீண்டும் திருப்பி, இட ஊசியின் முதல் கண்ணியை மாற்றி, கூடுதலாக ஏற்றிய அந்தக் கண்ணியை அதன்மேல் தாண்டினால் மூலை இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். மாற்றிய அந்தக் கண்ணி அடுத்த 15இல் முதலாவது. வரிசை முடிந்ததும் ஊசியில் 105 இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் காஜா ஏறக்குறைய 1.4 சென்டிமீட்டர் வரும். பின்னல் விரிந்து கொடுப்பதால் 1.5 முதல் 1.8 சென்டிமீட்டர் பொத்தான் பொருந்தும். உள்ளே தள்ளும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். எளிதாக நுழைந்தால் எளிதாகக் கழன்றும் விடும். பருத்தி நூல் விரிந்தால் பழைய அளவுக்குத் திரும்பாது என்பதால், அதில் காஜாவை இரண்டு கண்ணியாகக் குறைப்பதுண்டு.

நெட்டுக் காஜாவுக்கு ஓர் எல்லையும் உண்டு. உடலோடு இறுகப் பிடிக்கும் கார்டிகனில், வயிற்றுப் பகுதியின் இழுப்பு காஜாவைப் பக்கவாட்டில் திறந்து பொத்தானை வெளியே விட்டுவிடும். தளர்வாக அணிபவருக்கே இது ஏற்றது.

பொத்தான் தைக்கும்போது கழுத்திலிருந்து சென்டிமீட்டர் அளப்பதைவிட, முடித்த இரு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொரு காஜாவின் மேல்முனையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் கீழே ஊக்கு குத்திக் குறிப்பது சரியாக வரும். உடுப்பின் கனத்தில் பொத்தான் அந்த மேல்முனைப் பக்கம்தான் போய் நிற்கும். பட்டையின் உட்பக்கம் ஒரு சின்னத் தட்டைப் பொத்தானையும் சேர்த்துத் தைத்தால் நூல் கிழியாது. கடையில் கிடைக்கும் அக்ரிலிக் நூலில் பின்னியதாக இருந்தால், பட்டையை நேராக்கச் சூடான அயர்ன் வைக்கக்கூடாது. ரிப்பின் நெகிழ்ச்சி போய்விடும், திரும்ப வராது. நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, பரப்பி உலர்த்தினாலே போதும்.