கீசர் பழுதானால் செலவு யார் மீது?

அம்பத்தூரில் வாடகைக்குக் குடியிருக்கும் சகோதரர் ஒருவர், ஜும்ஆ முடிந்ததும் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். வீட்டு உரிமையாளரின் வாட்ஸ்அப் செய்தி அது: "கீசர் டேங்க் ஓட்டை. புதுசு 7,200, பிட்டிங் 400. ஆளுக்குப் பாதி. 3,800 அடுத்த வாடகையோடு சேர்த்து அனுப்பவும்." பதினொரு மாத ஒப்பந்தத்தில் அது ஐந்தாவது மாதம். ஒப்பந்தத்தில் கீசர் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஷரீஅத்தில் வாடகை என்பது 'இஜாரா', அதாவது பயனை விற்பது. பொருள் உரிமையாளருடையது, குடியிருப்பவர் கையில் அது அமானிதம். அவர் வரம்பு மீறினாலோ, கவனக்குறைவாக இருந்தாலோ மட்டுமே ஈடு தர வேண்டும். எனவே முதல் கேள்வி, கீசர் எதனால் கெட்டது என்பதுதான். போர் தண்ணீரின் உப்பு ஆண்டுக்கணக்கில் படிந்து, டேங்க் துருப்பிடித்து ஒழுகினால் அது தேய்மானம். டேங்கில் தண்ணீர் இல்லாமலேயே சுவிட்சைப் போட்டு காயிலைக் கருக விட்டால் அது குடியிருப்பவரின் குறை. மெக்கானிக் கழற்றும்போது உடனிருந்து, படமும் எடுத்துக்கொண்டால் பின்னர் தகராறு வராது. சகோதரரின் வீட்டில் இருந்தது எட்டு வருடப் பழைய கீசர். டேங்கின் அடிப்பகுதி துருவால் அரிக்கப்பட்டிருந்தது.

நாட்டுச் சட்டத்தையும் பார்ப்போம். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், பராமரிப்புப் பொறுப்புகளை ஓர் அட்டவணையில் பிரித்துத் தந்துள்ளது. அதில் கீசர் பழுதுபார்ப்பு குடியிருப்பவர் பக்கம் வருகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகவும் பேசிக்கொள்ளலாம். ஆகவே தெர்மோஸ்டாட், காயில் போன்ற சில்லறைப் பழுதுகளைக் குடியிருப்பவர் ஏற்பது இங்கு அறியப்பட்ட வழக்கமே. ஆனால் டேங்கே போய்ப் புதிதாக வாங்குவது பழுதுபார்ப்பு அல்ல என்பதே நம் கருத்து. ஆறு மாதத்தில் இவர் காலி செய்துவிடுவார். புதிய கீசர் உரிமையாளரின் சொத்தாக அங்கேயே இருக்கும். இருவரும் மனமொப்பிப் பாதிப் பாதி என்று முடிவு செய்தால் தடையில்லை. ஒருவர் மட்டும் முடிவு செய்து அனுப்பும் செய்தி ஒப்பந்தம் ஆகாது.

குடியிருப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. உஸ்மானியர் காலத்தில் ஹனஃபி சட்டங்களைத் தொகுத்த 'மஜல்லா'வின் 529, 530ஆம் பிரிவுகளின்படி, வீட்டின் பயனைப் பாதிக்கும் பழுதைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் குடியிருப்பவர் அனுமதி பெறாமல் தாமே செலவழித்தால் அது அவராக விரும்பிச் செய்த உபகாரம். திருப்பிக் கேட்க முடியாது. எனவே கேட்காமல் கீசர் வாங்கிப் பொருத்திவிட்டு வாடகையில் கழிப்பது சரியல்ல. வாடகையை நிறுத்தி வைப்பதும் கூடாது.

சகோதரர் இப்படிப் பதில் அனுப்பினார்: "டேங்க் படம் இணைத்துள்ளேன், பாய். துருப்பிடித்துப் போயிருக்கிறது. புதுசு உங்கள் பொறுப்பில் வாங்குங்கள். பிட்டிங் கூலி 400 நான் தருகிறேன். இனி வரும் சின்ன ரிப்பேர் என்னுடையது. சம்மதமா?" அந்த 400 அவர் மீது கடமை இல்லை, தாமாக விட்டுக்கொடுத்தது. மாலையில் "சரி" என்று பதில் வந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் இதையே ஒரு வரியாக எழுதிக்கொள்ளும்படி இருவருக்கும் சொன்னோம்.