யந்திரத்துக்கு ஒரு பரீட்சை

வெள்ளவத்தையில் ஒரு தனிவகுப்பு. நாளைய பரீட்சைக்குரிய வினாத்தாளையே ஆசிரியர் இன்று செய்வித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணாக்கர் யாவரும் தொண்ணூறுக்கு மேற் புள்ளி பெறுவர். எனினும் அப்புள்ளி அவர்தம் அறிவை அளந்ததாகாது. மாதிரிகளைக் கண்டு வகைபிரிக்கக் கற்கும் யந்திரங்களைச் சோதிப்பதிலும் இவ்விடர் உண்டு.

நீரிழிவினால் விழித்திரை பழுதுற்றிருக்கிறதா என்பதைப் படம் பார்த்துக் கூறும் யந்திரம் ஒன்றைக் கூகிள் நிறுவனத்தார் உருவாக்கி, அதன் பெறுபேற்றை 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் எடுக்கப்பெற்ற 128,175 படங்கள், கண் மருத்துவர் குறித்த விடைகளோடு அதற்குப் பாடமாயின. சோதனைக்கு வேறு படங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒரு தொகுதியில் 874 பேருடைய 1,748 படங்கள் இருந்தன. அதாவது, ஆளுக்கு இரண்டு.

இங்கேதான் கவனம் வேண்டும். படங்களைச் சீட்டுக்கட்டுப்போற் கலைத்துப் பிரித்தால், ஒருவருடைய வலக்கண் பாடத்திலும் இடக்கண் பரீட்சையிலும் விழக்கூடும். ஒருவரின் இரு கண்களும் பெரும்பாலும் ஒத்திருப்பவை. ஆகவே யந்திரம் நோயை அறியாது, ஆளை அடையாளங்கண்டே விடை கூறிவிடலாம். இதுவே தரவுக் கசிவு. படங்களையன்றி, ஆட்களைப் பிரித்தலே இதற்குப் பரிகாரம். நோயாளர் இலக்கம் ஒன்றேனும் இரு பட்டியலிலும் காணப்படலாகாது. கசிவு நேர்ந்திருப்பின், புதியதோர் வைத்தியசாலையில் யந்திரத்தின் புள்ளி சடுதியாக வீழ்வதால் அது வெளிப்படும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்திராலயத்திலும் 3,049 நோயாளரிடையே அந்நிறுவனத்தாரின் இத்தகைய யந்திரம் சோதிக்கப்பட்டது. 2019இல் வெளியான முடிவின்படி, அனுப்பத்தக்க நோயுற்றோரில் நூற்றுக்கு 88.9 பேரை மதுரையிலும், 92.1 பேரைச் சென்னையிலும் அது கண்டுபிடித்தது. இரண்டையும் ஒன்றாகக் கலவாமல் தனித்தனியே கூறியது முறையே.

ஏன் எனின், கொழும்பில் இத்தகைய சோதனை ஒன்று நடப்பதாகக் கற்பனை செய்வோம். நோயுற்றோர், வெள்ளவத்தையில் 80 பேர். கொட்டாஞ்சேனையில் 20 பேர். யந்திரம் முன்னவரில் 76 பேரையும் பின்னவரில் 12 பேரையும் கண்டுபிடிக்கிறது. மொத்தம் நூற்றுக்கு 88, நல்ல புள்ளிதான். ஆயின் கொட்டாஞ்சேனையில் அது நூற்றுக்கு 60 மட்டுமே. பார்வையை இழக்கக்கூடிய எட்டுப் பேர், நோயில்லையென்று வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். கமரா வேறாயிருக்கலாம், முதியோர் மிகுந்து, கண்புரையாற் படம் மங்கியிருக்கலாம். இருபது பேரில் ஒருவர் மாறினாலே ஐந்து புள்ளி மாறுமாதலால், தீர்ப்புக்குமுன் இன்னும் பலரைச் சோதிக்கவும் வேண்டும்.

குறை உறுதியானால், கொட்டாஞ்சேனைப் படங்களைச் சேர்த்து யந்திரத்துக்கு மீளப் பயிற்சி அளிக்கலாம். ஆனால், அடுத்த பரீட்சைக்கு அந்த இருபது பேரும் உதவார். அவர்கள் இப்பொழுது படித்த வினாத்தாள். புதிய நோயாளரையே தேடல் வேண்டும்.