தவணையே கட்டவில்லை, கடன் எப்படிக் கூடியது?

சிறு தொழில் நடத்துகிற ஒருவர் தன் ஓவர்டிராஃப்டைப் புதுப்பிக்க ஆண்டுக் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். வங்கி மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகளை எழுதி அனுப்புகிறார். போன வருடம் பத்து லட்சமாக இருந்த டேர்ம் லோன் இப்போது எப்படிப் பத்து லட்சத்து அறுபத்தோராயிரத்துச் சொச்சம் ஆனது? வேறெங்காவது புதிதாகக் கடன் வாங்கினீர்களா? ஆறு மாதமாகத் தவணையே கட்டாதபோது லாப நட்டக் கணக்கில் வட்டிச் செலவு எங்கிருந்து வந்தது?

2021-22ஆம் ஆண்டுக் கணக்குகளில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இடம் இருந்தது. கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, 2021 மே 5 அன்று, ரிசர்வ் வங்கி சிறு தொழில்களுக்கும் தனிநபர்களுக்கும் இரண்டாவது கடன் மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. அந்த ஆண்டு மார்ச் 31 வரை ஒழுங்காக இருந்த கணக்குகளுக்குத் தவணைகளைத் தள்ளிவைக்கவும், அந்தக் காலத்து வட்டியை அசலோடு சேர்க்கவும் வங்கிகளால் முடிந்தது. இப்படி மாற்றப்பட்ட கடனைக் கணக்கில் சரியாக எழுதியிருந்தாலும், எழுதிய விதத்தை மேலாளருக்கு ஒரு கடிதத்தில் விளக்க வேண்டியிருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பின்னலாடைப் பட்டறைக்கு 2021 அக்டோபர் 1 அன்று பத்து லட்சம் ரூபாய் கடன் பாக்கி, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். 2022 மார்ச் 31 வரை ஆறு மாதம் தவணை விடுப்பு. கணக்கு எளிதாக இருக்க, மாதம் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் வட்டி 10,000 ரூபாய். அது கட்டப்படாமல் அசலில் சேர்வதால் நவம்பரில் வட்டி 10,100 ஆகிறது, டிசம்பரில் 10,201. இப்படியே போய் மார்ச் முடிவில் மொத்த வட்டி 61,520 ரூபாய், கடன் பாக்கி 10,61,520 ரூபாய். வங்கி நாள் கணக்கில் வட்டி போடும் என்பதால் உண்மையான ஸ்டேட்மென்டில் மாதாமாதம் கொஞ்சம் ஏறி இறங்கும். அந்தத் தொகையைச் சரிபார்த்து அதையே எழுதுவதுதான் முறை.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் லெட்ஜரில் விழுவது ஒரே பதிவுதான். அக்டோபருக்கு, வட்டிச் செலவு பற்று 10,000, டேர்ம் லோன் வரவு 10,000. ரொக்கமும் இல்லை, வங்கி நடப்புக் கணக்கும் இல்லை. பணம் போகாததால் செலவே இல்லை என்று நினைத்து இந்தப் பதிவை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்போது லாபம் 61,520 ரூபாய் கூடுதலாகத் தெரியும், வங்கி ஸ்டேட்மென்டும் லெட்ஜரும் அதே தொகைக்கு ஒத்துப்போகாது. பாக்கியை ஒப்பிட்ட மாத்திரத்தில் பிடிபட்டுவிடுகிற தவறு இது.

இன்னொரு தவறு இத்தனை எளிதில் கண்ணில் படாது. வட்டி அசலோடு சேர்ந்ததால் அது சொத்தின் விலையோடும் சேரும் என்று எண்ணி, 61,520 ரூபாயைத் தையல் இயந்திரங்களின் மதிப்பில் ஏற்றிவிடுகிறார்கள். கட்டி முடியாத ஆலை, நிறுவி முடியாத இயந்திரம் போன்றவற்றுக்கு மட்டுமே அப்படிச் சேர்க்க இடம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்துக்கான கடன் வட்டி அந்த வருடத்துச் செலவுதான். இயந்திரம் எதுவும் வாங்காத வருடத்தில் சொத்து மதிப்பு கூடியிருந்தால் மேலாளர் அங்கேதான் விரல் வைக்க வேண்டும்.

கடிதத்தின் முதல் பத்தியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடலாம். “ஐயா, 1.10.2021 முதல் 31.3.2022 வரையிலான வட்டி ரூ. 61,520-ஐ அந்தந்த மாதமே வட்டிச் செலவாக எழுதியுள்ளோம். இதில் ரொக்கமாக எதுவும் செலுத்தப்படவில்லை. மறுசீரமைப்பு அனுமதிக் கடிதத்தின்படி முழுத் தொகையும் டேர்ம் லோன் பாக்கியோடு சேர்க்கப்பட்டுள்ளது. இந்த ஆண்டில் புதிய கடன் எதுவும் பெறவில்லை.” அதோடு ஆறு வரியில் ஒரு அட்டவணை: மாதம், தொடக்க பாக்கி, வட்டி, முடிவு பாக்கி. மேலாளர் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இதில் விடை இருக்கிறது.

பணப் புழக்க அறிக்கைக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி வேண்டும். கடன் 61,520 ரூபாய் கூடியதைப் பண வரவாகவும், வட்டி 61,520 ரூபாயைப் பணச் செலவாகவும் காட்டினால் இரண்டும் கழிந்து கூட்டல் சரியாக வந்துவிடும். ஆனால் நடக்காத இரண்டு விஷயங்கள் நடந்ததாக அறிக்கை சொல்லும். புதுக்கடன் வாங்கினீர்களா என்ற சந்தேகம் பெரும்பாலும் இந்த வரியிலிருந்துதான் பிறக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டு, இது ரொக்கம் சம்பந்தப்படாத மாற்றம் என்று கீழே குறிப்பு எழுதுவதே நேர்மையான வழி.

அடுத்து வருவது புதிய தவணை. பழைய பத்து லட்சத்துக்கு 48 மாதத் தவணை சுமார் 26,334 ரூபாயாக இருந்திருக்கும். 10,61,520 ரூபாயை அதே 48 மாதத்தில் அடைக்க 27,954 ரூபாய் வேண்டும். தவணையைக் கூட்டாமல் பழையதையே கட்டினால் கடன் 52ஆவது மாதத்தில்தான் முடியும். எந்த வழி என்று அனுமதிக் கடிதத்தில் இருக்கும், அதை விளக்கக் கடிதத்திலும் எழுத வேண்டும். ஏனென்றால் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் கட்ட வேண்டிய அசல் இருப்புநிலைக் குறிப்பில் நடப்புக் கடனாகத் தனியே வர வேண்டும். 27,954 ரூபாய்த் தவணையில் அது சுமார் 2,20,000 ரூபாய். விடுப்புக்கு முந்தைய அட்டவணையை வைத்து அதைப் பிரித்திருந்தால் ஓவர்டிராஃப்ட் வரம்பைக் கணக்கிடும்போது தொகை தவறும்.

சில வங்கிகள் சேர்ந்த வட்டியை அதே கணக்கில் ஏற்றாமல், வட்டிக்கென்று தனி டேர்ம் லோன் கணக்கு திறக்கின்றன. அப்போது ஸ்டேட்மென்டில் பத்து லட்சம் ஒன்றும், வட்டிக் கடன் ஒன்றுமாக இரண்டு கணக்கு எண்கள் வரும். லெட்ஜரிலும் இரண்டாகவே வைத்துக்கொள்வது நல்லது. வருமான வரி நேரத்தில் அதன் அருமை தெரியும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவு, வங்கி வட்டியை உண்மையில் கட்டினால்தான் செலவாக ஏற்கும். கட்டாத வட்டியைக் கடனாக மாற்றியது கட்டியதாக ஆகாது என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே 61,520 ரூபாய் லாப நட்டக் கணக்கில் செலவு, வரிக் கணக்கில் அந்த வருடம் செலவு இல்லை. பிறகு கட்டக் கட்ட, அந்தந்த வருடத்தில் கழித்துக்கொள்ளலாம். தனிக் கணக்கு இருந்தால் எந்தத் தவணையில் எவ்வளவு பழைய வட்டி அடைந்தது என்று ஆடிட்டர் ஒரே பார்வையில் எடுத்துவிடுவார். இல்லாவிட்டால் ஒவ்வொரு தவணையையும் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

வட்டிக்கு வட்டி என்ற கேள்வியும் தொழில்முனைவோர் மனதில் வரும். சாதாரண வட்டியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு 60,000 ரூபாய்தான். மீதி 1,520 ரூபாய் வட்டிமேல் ஏறிய வட்டி. இதைத் திருப்பித் தரச் சொல்லி உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்ததே என்று சிலர் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கப் பார்க்கிறார்கள். 2021 மார்ச் 23 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை நாடு முழுவதும் தரப்பட்ட தவணை விடுப்புக்கு உரியது. 2021 அக்டோபரில் தொடங்கிய மறுசீரமைப்பு அதில் வராது. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, அனுமதிக் கடிதத்தின் நகல், ஆறு மாத ஸ்டேட்மென்ட், லெட்ஜர் பக்கம் மூன்றையும் இணைத்து, 31.3.2022 அன்று பாக்கி ரூ. 10,61,520 என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தித் தரும்படி கேட்பதே பலன் தரும். ஆடிட்டரும் அந்த உறுதிக் கடிதத்தைத்தான் கேட்பார்.